சதவீதம் ஏறினால் பக்கம் வளர்கிறதா?

ஓசூர் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலைத் திரட்டிப் போடும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தை நண்பர்களோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். அப்ரண்டிஸ், ஃபிட்டர், வி.எம்.சி. ஆபரேட்டர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் போன்ற வேலைகள்தான் அதிகம் வரும். சிப்காட், சூளகிரி, பாகலூர் ரோடு மட்டுமல்லாமல் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி வரைக்கும் தகவல் சேகரிக்கிறோம். எங்கள் பக்கத்தைப் பார்க்க வேண்டியவர், ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு தர்மபுரியிலோ ஊத்தங்கரையிலோ வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன் அல்லது பெண். அவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு பக்கம் இருப்பதே இன்னும் தெரியாது. ஆகவே ஏற்கெனவே ஃபாலோ செய்கிறவர்களைத் தாண்டிப் பக்கம் போகிறதா என்பது எங்களுக்கு உயிரான கேள்வி.

அதைக் காட்டும் எண் செயலிக்குள்ளேயே இருக்கிறது. ப்ரொஃபஷனல் கணக்காக மாற்றியிருந்தால், Professional dashboard உள்ளே போய் Views என்பதைத் தொட்டு, காலத்தை 30 நாளாக வைத்தால் ஒரு வட்டம் வரும். அதன் கீழே Followers, Non-followers என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும். இன்னும் கீழே Accounts reached என்று வேறொரு எண் தெரியும். பலர் தடுமாறுகிற இடம் இதுதான். 2024-ல் இன்ஸ்டாகிராம் Views-ஐ முதன்மை அளவாக ஆக்கியது. அதற்குப் பிறகு அந்த வட்டத்தின் சதவீதம் பார்வைகளைப் பிரித்துக் காட்டுகிறது, ஆட்களை அல்ல. ஒரே ஆள் ஒரு ரீலை மூன்று முறை பார்த்தால் மூன்று பார்வை, ஆனால் ரீச்சில் அவர் ஒருவர்தான். எனவே அந்தச் சதவீதத்தை Accounts reached எண்ணோடு பெருக்கக் கூடாது, Views எண்ணோடுதான் பெருக்க வேண்டும். செயலியின் திரை அடிக்கடி மாறுகிறது என்பதால், சதவீதம் எந்த எண்ணுக்கு அடியில் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

பெருக்கிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே நடந்ததை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்.

ஒரு மாதம் மொத்தப் பார்வை 60,000. ஃபாலோயர் பாதி, ஃபாலோ செய்யாதவர் பாதி. அடுத்த மாதம் பக்கத்தைக் கவனிக்கும் தம்பி போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

“அண்ணா, நான்-ஃபாலோயர் 68 சதவீதத்துக்குப் போயிடுச்சு. நம்ம பேஜ் வெளிய போகுதுண்ணா.”

“மொத்தம் எவ்வளவுடா?”

“42,000.”

68 சதவீதத்தை எண்ணாக்கினால் 28,560 வருகிறது. போன மாதம் அதே எண் 30,000. வெளியே போயிருந்தால் கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. உண்மையில் நடந்தது ஃபாலோயர் பக்கத்தில்: 30,000-ஆக இருந்த அவர்களின் பார்வை 13,440-ஆக இறங்கிவிட்டது. ஒரு பக்கம் சரிந்ததால் மறுபக்கத்தின் பங்கு பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஏன் சரிந்தது? அந்த மாதம் தம்பிக்கு நைட் ஷிஃப்ட். தினமும் போடும் ஸ்டோரிகளை நிறுத்தியிருந்தான். ஸ்டோரியைப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஃபாலோயர்கள்தான். ஒரு நாளைக்கு நான்கு ஸ்டோரி போட்டால், ஒரே ஃபாலோயர் கணக்கில் நான்கு பார்வை சேரும். அதை நிறுத்தினால் ஃபாலோயர் பங்கு இறங்கும், வளர்ச்சி எதுவும் இல்லாமலேயே மறு சதவீதம் ஏறும். எதிர்த்திசையிலும் இதே நடக்கும்: ஸ்டோரியைக் கூட்டினால், பக்கம் நன்றாகப் பரவிக்கொண்டிருந்தாலும் வெளியாட்களின் சதவீதம் இறங்கியதுபோலத் தெரியும். ஆகவே மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது ஸ்டோரி போட்ட அளவு ஒன்றாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதே திரையில் ரீல்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். ரீல்தான் தெரியாதவர்களிடம் போகும் வண்டி.

பணம் கட்டி பூஸ்ட் செய்த நாட்களையும் தனியே குறித்து வையுங்கள். விளம்பரப் பார்வை பெரும்பாலும் ஃபாலோ செய்யாதவர் கணக்கில்தான் விழும், பணம் நின்றதும் அதுவும் நின்றுவிடும். 2024 டிசம்பரில் வந்த Trial reels-உம் அப்படித்தான். அது முதலில் ஃபாலோ செய்யாதவர்களுக்கே காட்டப்படுவதால் அதன் சதவீதத்தை மற்ற ரீல்களோடு சேர்த்துப் படிக்க முடியாது.

எண்ணாக்கிப் பார்த்து, வெளியாட்களின் பார்வை உண்மையிலேயே ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, வந்தவர்கள் யார் என்பது. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாவின்போது தேர் வடம் பிடிக்கும் காட்சியை ஒரு ரீலாகப் போட்டோம். பார்வை 60,000. அதில் 94 சதவீதம் ஃபாலோ செய்யாதவர்களுடையது, அதாவது 56,400. அதே காலத்தில், வி.எம்.சி. ஆபரேட்டர் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று ஒரு ரீல். வெர்னியரைக் கையில் கொடுத்து ஒரு ஜாப்பின் அளவை எடுக்கச் சொல்வார்கள், ஆஃப்செட் எங்கே மாற்றுவது என்று கேட்பார்கள், டிராயிங்கைக் காட்டி டாலரன்ஸ் எவ்வளவு என்பார்கள். இதையெல்லாம் ஒரு செட்டர் நின்று பேசுகிறார், வேறு எந்த அலங்காரமும் இல்லை. பார்வை 9,000. அதில் 62 சதவீதம், அதாவது 5,580 மட்டும் வெளியாட்களுடையது.

சதவீதத்தை வைத்தாலும் சரி, எண்ணை வைத்தாலும் சரி, தேர்தான் ஜெயிக்கிறது. ஆனால் ஒவ்வொரு ரீலின் View insights-இலும் கீழே போனால் Follows என்று ஓர் எண் இருக்கும். அந்த ரீலைப் பார்த்து எத்தனை பேர் ஃபாலோ செய்தார்கள் என்பதை அது சொல்லும். தேர் ரீலில் 40. இன்டர்வியூ ரீலில் 110. வெளியாட்களின் ஆயிரம் பார்வைக்கு என்று வகுத்தால் தேரில் ஒருவர்கூடத் தேறவில்லை, இன்டர்வியூ ரீலில் ஏறத்தாழ 20 பேர். நான் முதலில் பார்ப்பது இந்த வகுத்தலின் விடையைத்தான். பக்கம் எதற்காக இருக்கிறதோ அதற்குத் தேவைப்படுபவர்களிடம் ரீல் போயிருக்கிறதா என்பதை இதைவிட நேராகச் சொல்லும் எண் அந்தத் திரையில் இல்லை.

இன்டர்வியூ ரீல் தேவைப்படுபவர்களிடம் எப்படிப் போனது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், ஒரு பதிவு எவ்வளவு பேரிடம் போகும் என்பதற்கு எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக், அனுப்புதல் ஆகிய மூன்றும் முக்கியம் என்றார். ஃபாலோயர்களிடம் போவதற்கு லைக் சற்று அதிகம் உதவும், ஃபாலோ செய்யாதவர்களிடம் போவதற்கு ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதுதான் அதிகம் உதவும் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் அது கண்முன்னே நடக்கிறது. கம்பெனி பஸ்ஸில் பி ஷிஃப்டுக்குப் போகிறவர், இன்டர்வியூ ரீலைப் பார்த்ததும் ஊரில் இருக்கும் தம்பிக்கோ, கூடப் படித்தவனுக்கோ அனுப்பிவிடுகிறார். தேர் ரீலுக்கு லைக் போட்டுவிட்டு நகர்கிறார். ஆகவே வெளியே பரவும் என்று எதிர்பார்த்துப் போடும் ரீலில், லைக் எண்ணை விட அனுப்பிய எண்ணைப் பாருங்கள்.

எல்லையோர ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. Views திரையில் எந்த ஊர்களிலிருந்து பார்க்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதில் எங்களுக்கு எப்போதும் பெங்களூரு மேலே நிற்கும். அதைப் பார்த்ததும் “கர்நாடகத்துக்குப் போய்விட்டோம்” என்று சொல்லிவிட முடியாது. அத்திப்பள்ளியும் பொம்மசந்திராவும் பெங்களூரு நகர மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் கிருஷ்ணகிரிக்காரரும், பெங்களூருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழரும், கன்னடக்காரரும் அந்த ஒரே வரிக்குள் வந்துவிடுகிறார்கள். பட்டியலில் நாங்கள் கவனிப்பது இரண்டாவது, மூன்றாவது வரிகளை. தேர் ரீல் ஓடிய வாரத்தில் காலத்தை 7 நாளாகச் சுருக்கிப் பார்த்தால் சென்னை, கோவை மேலே வந்திருந்தன. இன்டர்வியூ ரீல் ஓடிய வாரத்தில் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும். கன்னடம் பேசுபவரிடம் உண்மையிலேயே போகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஊர்ப் பட்டியல் போதாது. ஜிகணி வேலைத் தகவலைக் கன்னடத்தில் தனி ரீலாகப் போட்டு, அதன் வெளியாட்கள் எண்ணையும் Follows எண்ணையும் பார்ப்பதுதான் வழி. உள்ளே வரும் மெசேஜ் எந்த மொழியில் இருக்கிறது என்பதும் நல்ல துப்பு.

மூன்றாவது சோதனைக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். புதிதாக ஃபாலோ செய்தவர்கள் திரும்ப வந்தால், பின்வரும் மாதங்களில் ஃபாலோயர் பார்வை ஏற வேண்டும். தம்பி மறுபடி பகல் ஷிஃப்டுக்கு வந்து பழைய அளவிலேயே ஸ்டோரி போட ஆரம்பித்த பிறகு ஒரு மாதக் கணக்கு இது: மொத்தம் 78,000, ஃபாலோ செய்யாதவர் 46 சதவீதம். முதலில் சொன்ன 50 சதவீத மாதத்தோடு வைத்துப் பார்த்தால் பங்கு இறங்கியிருக்கிறது. எண்ணாக்கினால் வெளியாட்களின் பார்வை 30,000-இலிருந்து 35,880-க்கு ஏறியிருக்கிறது, ஃபாலோயர் பார்வை 30,000-இலிருந்து 42,120-க்கு. வெளியிலிருந்து வருவதும் கூடுகிறது, வந்தவர்கள் தங்கிப் பார்ப்பதும் கூடுகிறது. எங்கள் பக்கம் உண்மையாக வளர்ந்தது இந்த மாதத்தில்தான். அதுவே சதவீதம் குறைந்த மாதமும்கூட.

எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது என்று பக்கம் தொடங்கியவர்கள் கேட்கிறார்கள். பொதுவாக ஒரு எண் சொல்ல முடியாது. ஃபாலோயர் இருநூறு பேர் இருக்கும் புதுப் பக்கத்தில், ஒரு ரீல் சற்றே ஓடினாலும் 90 சதவீதம் வெளியாட்களாகத்தான் இருக்கும். அது வளர்ச்சிக்கு அடையாளம் இல்லை, ஃபாலோயர் குறைவு என்பதற்கே அடையாளம். சிப்காட் வாசலில் மெஸ் நடத்துகிறவருக்கு நிலைமை வேறு. அவருடைய வாடிக்கையாளர் தினமும் திரும்பி வருகிறவர், அதனால் ஃபாலோயர் பார்வை பாதிக்கு மேல் இருப்பது அவருக்கு ஆரோக்கியம்தான். வெளியாட்கள் எண் மெதுவாக ஏறினாலே அவருக்குப் போதும்.

எங்கள் பக்கம் அதற்கு நேர் எதிர். வேலை கிடைத்தவருக்கு எங்கள் பதிவு தேவையில்லை. அன்ஃபாலோ செய்யமாட்டார், ஆனால் பார்ப்பதை நிறுத்திவிடுவார். ஃபாலோயர் எண்ணிக்கை அப்படியே நிற்கும், ஃபாலோயர் பார்வை மட்டும் கரையும். அந்தக் கரைவு எங்களுக்கு வருத்தமில்லை. ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றுதான் அதற்குப் பெரும்பாலும் பொருள். ஆனால் அவர் விட்ட இடத்துக்கு அடுத்த வருடம் ஐ.டி.ஐ. முடித்து வருகிறவர் வந்து சேர வேண்டும். அதனால் தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் ரீல்களின் வெளியாட்கள் எண்ணை வாரம் ஒருமுறை எழுதி வைக்கிறோம். அந்த மாதங்களில் அது ஏறவில்லை என்றால், இன்டர்வியூ ரீல் போல ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பத் தோன்றும் பதிவுகளை முதலில் எடுக்கிறோம். காலிப் பணியிடப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.