பெருநாளுக்குப் பின் இரண்டாம் ஞாயிறு

நம் வீடுகளில் ஒரு நிக்காஹ் பேசி முடிந்ததும் வாப்பா நம்மைக் கூப்பிட்டு, "மகள், எல்லாருக்கும் ஒரு மெசேஜ் எழுதிப் போடுங்க" என்பார். மண்டபமும் நேரமும் முடிவாகியிருக்காது. அழைப்பிதழ் அச்சாக இன்னும் மாதங்கள் இருக்கும். நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்கும் இந்தச் சிறு மடலை எழுதுவது எளிது போலத் தோன்றினாலும், அழைப்பிதழை விட இதில்தான் பிழை அதிகம் நேர்கிறது.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துக்கு அருகே கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூத்த மகளின் நிக்காஹ்வை 2025 நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வைப்பதாகப் பேச்சு. சாச்சா சவூதியில் வேலை செய்கிறார். 2024 டிசம்பரில் மகள் இப்படி எழுதுகிறாள்: "இன்ஷா அல்லாஹ், பெருநாள் முடிந்து இரண்டாம் ஞாயிறு ராத்தாவின் நிக்காஹ். கட்டாயம் வரவும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கலண்டரை எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் சவூதியில் பெருநாள் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் மறுநாள், திங்கட்கிழமை. பெருநாள் அன்றே ஒரு ஞாயிறு வந்துவிட்டதால், சாச்சா அதை முதலாவதாக எண்ணினால் அவருக்கு இரண்டாம் ஞாயிறு ஏப்ரல் 6. இங்கே எண்ணினால் ஏப்ரல் 13. ஒரே வாக்கியம் இரண்டு வீடுகளில் ஒரு கிழமை விலகி நிற்கிறது. ஏப்ரல் 13இலும் சிக்கல் உண்டு. அது சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், அரச விடுமுறை. அதற்கு முதல் நாள் போயா. கடைகள் பூட்டியிருக்கும், பஸ்ஸில் ஏற முடியாது. நம் கலியாணத்துக்கு வந்து தேங்காய் துருவிக் கொடுக்கும் லயத்து அக்காமாருக்கு அன்று அவர்கள் வீட்டிலேயே கை ஓயாது.

பிறை 29ஆம் இரவு தென்பட்டால் ஒரு நாள், தென்படாவிட்டால் மறுநாள். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் அறிவிக்கும்வரை நமக்கும் தெரியாது. ஆகவே மாதங்களுக்கு முன்பே அனுப்பும் மடலில் பெருநாளை வைத்து நாள் சொல்லக்கூடாது. ஆண்டு, மாதம், திகதி, கிழமை நான்கையும் எழுத வேண்டும். கிழமை எதற்கு என்று கேட்கலாம். 27 என்பதை 21 என்று தவறாகத் தட்டியிருந்தால், பக்கத்தில் உள்ள கிழமைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது "இன்ஷா அல்லாஹ்". நாம் உறுதியான காரியத்துக்கும் அதைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். எனவே அதை மட்டும் வைத்து, நாள் முடிவானதா இல்லையா என்று வாசிப்பவர் அறிய முடியாது. எது முடிவானது, எது முடிவாகவில்லை என்பதைத் தனியே எழுத வேண்டும். முடிவாகாததை எந்தத் திகதிக்குள் சொல்வோம் என்பதும் வேண்டும். அது இல்லாவிட்டால் பெரியம்மா கிழமைக்கு ஒரு தடவை உம்மாவுக்குக் கோல் எடுப்பார்.

அந்த மகளின் மடலைத் திருத்தினால் இப்படி வரும்:

"அஸ்ஸலாமு அலைக்கும். அன்புள்ள சாச்சா, சாச்சிக்கு, ராத்தாவின் நிக்காஹ்வை 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை வைக்க இரு வீட்டாரும் பேசி முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். யட்டியாந்தோட்டையில்தான் நடக்கும். மண்டபமும் நேரமும் இன்னும் முடிவாகவில்லை; பெப்ரவரி 15க்குள் வாப்பா உறுதிப்படுத்துவார். இப்போதே லீவுக்குச் சொல்லி வையுங்கள். டிக்கெட்டை மட்டும் அந்த உறுதி வந்த பிறகு எடுங்கள். அழைப்பிதழ் பின்னர் வரும்."

பெப்ரவரி 15 சும்மா போட்ட திகதி அல்ல. அந்த வருடம் இங்கே நோன்பு மார்ச் 2இல் தொடங்கியது. நோன்பு பிடித்துவிட்டால் மண்டபக்காரரையும் சமையல்காரரையும் பிடித்துப் பேசுவது கஷ்டம். சாச்சாவுக்கும் டிக்கெட் எடுக்க இரண்டு மாதங்களுக்கு மேல் கிடைக்கிறது. "கட்டாயம் வரவும்" என்பதை எடுத்துவிட்டேன். அது அழைப்பிதழுக்கு உரிய சொல். இந்த மடல் நாளை ஒதுக்கிவைக்க மட்டுமே கேட்கிறது.

இரண்டாம் மடலில் "முன்பு சொன்ன நாளில்தான்" என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் வழக்கமான பிழை. முதல் மடல் வேறு குழுவுக்குப் போயிருக்கும், சிலர் அழித்தும் இருப்பார்கள். திகதி, கிழமை, இடம், நேரம் எல்லாவற்றையும் மறுபடி முழுதாக எழுதுங்கள். நாளே மாறிவிட்டால் முதல் வரியில் "நாள் மாறியுள்ளது" என்று தொடங்கி, புதிய திகதியை எழுதி, பழையது இல்லை என்றும் சொல்லுங்கள். லீவுக்குச் சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் மெசேஜ் போதாது. வாப்பாவின் கையில் போனைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.