தோற்ற அணியின் கேப்டனுக்கு

அன்புள்ள அம்மாடிக்கு,

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் பேசுவதற்காக நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். மாவட்ட கபடி இறுதிப் போட்டியில் 29–31 என்று தோற்ற அணியின் கேப்டன், பள்ளி முழுக்க நிற்கும்போது மைக் முன்னால் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். சுலபமான வேலையில்லை. எழுதியதில் உண்மையான அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்பு யார் மேல் என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. “என் அணியினர் அனைவருக்கும் நன்றி, எங்களைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட பி.இ.டி. மிஸ்ஸுக்கு நன்றி, வெற்றி தோல்வி சகஜம், அடுத்த வருஷம் கோப்பையோடு வருவோம்” என்கிறாய். இதை எந்தப் பள்ளியின் எந்த அணியும் எந்த வருஷமும் பேசிவிடலாம். உன் அணி அந்தச் சனிக்கிழமை என்ன செய்தது என்பது இதில் எங்கேயும் இல்லை. தோற்ற அணிக்கு நன்றி சொல்கிறவள் ஒவ்வொருத்தியும் செய்த காரியத்தைப் பெயரோடு எடுத்துச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று கேட்பாய். ஜெயித்த அணிக்குக் கோப்பை இருக்கிறது, படம் இருக்கிறது, தங்கள் உழைப்பு எண்ணப்பட்டது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தோற்ற அணிக்கு மிஞ்சுவது ஸ்கோர் மட்டும்தான். அந்த ஸ்கோரோ ஆட்டத்தில் நடந்த பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. முதல் பாதியில் 7 புள்ளி பின்தங்கியிருந்த நீங்கள் முடிவில் 2 புள்ளியில் தோற்றீர்கள் என்றால், இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் 5 புள்ளி முன்னால் இருந்திருக்கிறீர்கள். அதை எப்படிச் செய்தீர்கள்? களத்தில் மூன்றே பேர் மிச்சமிருந்தபோது இடது கார்னர் எதிரணி ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து, சூப்பர் டேக்கிளாக 2 புள்ளி கொண்டுவந்தாள் என்று போனில் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். பேச்சில் அது ஏன் இல்லை? கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தோல்வி மட்டும்தான் தெரியும். அந்தப் பிடியைப் பற்றி அவர்களுக்குச் சொல்லும் இடத்தில் இருப்பவள் நீ.

பெரிய மேடையிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் இந்தியா 240 ரன்னுக்குச் சுருண்டது. ஆஸ்திரேலியா 47 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்தபோதும் டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் சேர்ந்து ஆட்டத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். பரிசளிப்பின்போது ரோகித் சர்மா சில நிமிஷமே பேசினார். இன்னும் இருபது முப்பது ரன் எடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், கோலியும் ராகுலும் ஆடிக்கொண்டிருந்தபோது 270, 280 வரை போகலாம் என்று பார்த்தோம் என்றார். விளக்கு வெளிச்சத்தில் பேட்டிங் எளிதானதைச் சொன்னவர், அதைச் சாக்காக வைக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஹெட், லபுஷேன் இருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். விக்கெட்டைத் தூக்கிக்கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நேர்மையாக இருந்ததற்குக் காரணம் அதிலிருந்த விவரங்கள்தான். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விவரத்தை. தோல்விக் கணக்கை நீ சொல்ல வேண்டியதில்லை. அவர் தேசத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தொழில்முறை ஆட்டக்காரர். நீயோ, அடுத்த மணி அடித்ததும் இதே பிள்ளைகளோடு வகுப்பில் போய் உட்காரப்போகிறவள். எங்கே தவறினோம் என்பதை மைதானத்தில் மிஸ்ஸோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் பெயர் சொன்னால் நேரம் போய்விடும், சிலரை மட்டும் சொன்னால் மற்றவர்கள் வருந்துவார்கள் என்று நீ சொல்லலாம். நியாயமான தயக்கம்தான், கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைக்கில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்கு 90 சொல் வரும், இரண்டு நிமிஷத்துக்கு 180. உன்னை விட்டால் அணியில் 11 பேர். ஒருத்திக்கு 8 சொல் என்றால் 88. மிஸ்ஸுக்கு 30, ஜெயித்த அணிக்கு 15, உன் பொறுப்பைச் சொல்ல 15. எல்லாம் சேர்த்து 150 கூட ஆகவில்லை. உன் நேரத்தைத் தின்றது பெயர்களல்ல, தொடக்கத்தில் வைத்திருக்கும் வணக்க வரிசை. தலைமையாசிரியர், உதவித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், இருபால் ஆசிரியப் பெருமக்கள் என்று நீட்டிக்கொண்டே போயிருக்கிறாய். “அனைவருக்கும் வணக்கம்” என்று ஒரே வரியில் முடி. அப்படிப் பேசிய மாணவியை எந்தத் தலைமையாசிரியரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பெயர்களைச் சொல்லும் வரிசையையும் யோசித்துக்கொள். முக்கியமானவர் முதலில் என்று தொடங்கினால் கடைசிப் பெயருக்கு வலிக்கும். களத்தில் நிற்கும் வரிசையிலேயே சொல்லிவிடு. இடது கார்னரில் தொடங்கி வலது கார்னர் வரை, ஒவ்வொரு இடத்திலும் நின்றவளோடு அந்த இடத்துக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்துச் சொல். மாற்று ஆட்டக்காரர்களை மொத்தமாகக் கடைசியில் கொண்டுபோய் “மற்றும்” போட்டுச் சேர்க்காதே. களத்தில் இறங்காதவளைப் பற்றி என்ன சொல்வது என்று திகைப்பாய். தினமும் பயிற்சியில் எதிரணி ரெய்டராகப் பாடி வந்து உங்கள் பிடிகளைப் பழக்கியவள் அவள்தானே. அதையே சொல்.

இனி, கடைசி ரெய்டுக்குப் போய்ப் பிடிபட்ட பெண். இந்தப் பேச்சில் மிகக் கவனமாகக் கையாள வேண்டியவள் அவள்தான், அங்கேதான் நீ வழுக்கியிருக்கிறாய். “அவள் கவலைப்பட வேண்டாம், தோல்விக்கு அவள் காரணமில்லை” என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு புரிகிறது. ஆனால் இந்த வரியைக் கேட்கும்வரை, தோல்விக்கு ஒருத்தி காரணமாயிருக்கலாம் என்று கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நினைத்திருக்கவே மாட்டார்கள். நீ ஆறுதல் சொல்லப்போய், அவளைப் பள்ளி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி செய்துவிடுவாய். ஆறுதல் சொல்ல வேண்டுமென்றால் தனியாக, கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடு. மேடையில் அவளுக்குக் கிடைக்க வேண்டியது மற்றவர்களுக்குக் கிடைப்பதே, அதாவது எட்டுச் சொல்லும் ஒரு காரியமும். இரண்டாம் பாதியில் மூன்று முறை போனஸ் கோட்டைத் தாண்டி அணியை ஆட்டத்துக்குள் வைத்திருந்தவள் அவள். அது உண்மை, அது போதும். கடைசி ரெய்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல்லும் வேண்டாம். அவள் பெயரை வரிசையின் நடுவில் அதற்குரிய இடத்தில் வை. முதலிலோ முடிவிலோ வைத்தால் கேட்பவர்கள் காரணம் தேடுவார்கள்.

“கேப்டன் நானே பொறுப்பு ஏற்க வேண்டாமா?” என்று கேட்பாய். ஏற்க வேண்டும். ஆனால் உன் முடிவுக்கு மட்டும் ஏற்றுக்கொள். “தோல்விக்கு முழுப் பொறுப்பும் நானே, என்னை மன்னித்துவிடுங்கள்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அது பணிவாகத் தெரிந்தாலும் பேச்சையே உன் பக்கம் திருப்பிவிடுகிறது. நன்றி பெற வேண்டிய பதினோரு பேரும் மிஸ்ஸும் உனக்குச் சமாதானம் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். முதல் பாதியில் டைம் அவுட் கேட்காமல் விட்டது உன் முடிவு என்றால், “முதல் பாதியில் டைம் அவுட் கேட்டிருக்க வேண்டும், அது என் முடிவு” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. மன்னிப்பு கேட்காதே.

நடுவரைப் பற்றிய வரியை எடுத்துவிடு. போனஸ் கோட்டைத் தாண்டியதைக் கவனிக்காமல் விட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு என்று நீ வாதாடுவாய். 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்துக்கு நேர்ந்ததைப் பார். இரண்டு அணியும் 241 ரன், சூப்பர் ஓவரிலும் தலா 15 ரன். இங்கிலாந்து அதிக பவுண்டரி அடித்திருந்ததால், 26–17 என்ற கணக்கில் கோப்பை அவர்களுக்குப் போனது. அதற்கு முன், கடைசி ஓவரில் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடிய பந்துக்கு 6 ரன் கொடுத்தார்கள். அது 5 ரன்தான் என்று முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் பிறகு சொன்னார். கேன் வில்லியம்சனுக்கு உன்னைவிடப் பெரிய குறை இருந்தது. விதிகள் தொடக்கத்திலேயே இருந்தவைதான் என்ற மட்டில் பேசி, ஜெயித்தவர்களை வாழ்த்திவிட்டுப் போனார். பவுண்டரி கணக்கைச் சில மாதங்களில் ஐ.சி.சி. நீக்கியது. குறையைச் சொல்லும் இடம் வேறு இருக்கிறது. மிஸ் மூலம் போட்டி நடத்தியவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அதை நன்றியோடு கலந்தால் கூட்டம் அந்த ஒரு வரியை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும், இடது கார்னரின் பிடி மறந்துபோகும்.

ஜெயித்த அணியை முதலிலேயே வாழ்த்திவிடு, அதிலும் ஒரு விவரம் இருக்கட்டும். உங்கள் சிறந்த ரெய்டரை அவர்களுடைய கவர் இரண்டு முறை செயின் போட்டுப் பிடித்ததாகச் சொன்னாயே, அதைச் சொல். எதிராளியின் திறமையை ஒத்துக்கொண்டால் உங்கள் 29 புள்ளிக்கும் மதிப்பு கூடும்.

மிஸ்ஸுக்கான 30 சொல்லில் தாய், தெய்வம், ஏணி எதுவும் வேண்டாம். அவர் செய்ததைச் சொல். கார்னரும் கவரும் கைகோத்து ஒரே அடியாக நகர்வதைப் பழக்கியது அவர்தான். வெளியூர் போகப் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசி, அப்பாக்களிடம் கையெழுத்து வாங்கியதும் அவர்தான். இந்த இரண்டாவது விஷயம் ஸ்கோர் ஷீட்டில் எந்த நாளும் வராது. அதைச் சொல்ல யார் வீட்டையும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, “எங்கள் வீடுகளில் வந்து கேட்டு எங்களைக் கூட்டிப்போனார்” என்றால் போதும். கேட்டுக்கொண்டு நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு, தன் வீட்டுக்கும் மிஸ் வருவார் என்று தெரிந்துபோகும்.

“அடுத்த வருஷம் கோப்பையோடு வருவோம்” என்பதையும் எடுத்துவிடச் சொல்கிறேன். அந்த வரி நம்பிக்கை கொடுக்குமே என்பாய். உன் அணியில் நான்கு பேர் பன்னிரண்டாம் வகுப்பு. அவர்களுக்குப் பள்ளி அணியில் அடுத்த வருஷம் கிடையாது, இதுதான் கடைசி ஆட்டம். அந்த வரியைக் கேட்டபடி நிற்கும் நால்வரையும் நினைத்துப் பார். வேண்டுமானால், இவர்களிடம் கற்ற பிடிகளை அடுத்து வருபவர்களுக்குச் சொல்லித்தருவோம் என்று சொல், அது உங்களால் முடிகிற காரியம்.

ஒரு அட்டையில் பதினோரு பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள். பார்த்துப் படிப்பதில் வெட்கமில்லை, ஒரு பெயர் விட்டுப்போவதுதான் ஆறாது. ஞாயிறு மாலை கடிகாரம் வைத்து ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார். பிறகு மிஸ்ஸிடம் காட்டு, வீடுகளுக்கு வந்ததைச் சொல்வதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள். திருத்திய பிரதியை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா