ஆர்டருக்கு முன் கேட்டுவிடுங்கள்: அச்சிட்ட பவுச்

சாம்பார் பொடியை 100 கிராம் பாக்கெட்டில் விற்கப் போகிறீர்கள். பெயர் அச்சிட்ட பவுச் வேண்டும். புதிய சப்ளையரிடம் "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால் "கிலோ 280 ரூபாய்" என்று பதில் வரும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. முதல் மெயிலையோ வாட்ஸ்அப் செய்தியையோ இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம். 100 கிராம் மசாலாப் பொடிக்கு 13 x 18 செ.மீ. அளவில் நான்கு வண்ணப் பவுச் தேவை. உங்களிடம் உள்ள பவுச் வகைகளின் கேட்லாக், விலைப்பட்டியல், டெலிவரிக்கு ஆகும் நாட்கள் ஆகியவற்றை அனுப்பவும். கிலோவுக்கு எத்தனை பவுச் வரும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, சிலிண்டர் செலவு எவ்வளவு, விலை எந்தத் தேதி வரை செல்லும், ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் சேர்ந்ததா என்பதையும் குறிப்பிடவும்."

கேட்லாக்கில் படத்தை விட, எந்த ஃபிலிம் எத்தனை மைக்ரான் என்ற விவரம்தான் முக்கியம். கூடவே இரண்டு மூன்று சாம்பிள் பவுச் கேளுங்கள். பொடியை நிரப்பி, உங்கள் மெஷினிலேயே சீல் போட்டு, அழுத்திப் பாருங்கள். சீல் பிரிந்தால் அந்த வகை வேண்டாம்.

விலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒருவர் கிலோ 300 ரூபாய் என்கிறார். கிலோவுக்கு 250 பவுச். இன்னொருவர் 280 ரூபாய்தான். ஆனால் 200 பவுச். முதலாமவரிடம் ஒரு பவுச் 1.20 ரூபாய், இரண்டாமவரிடம் 1.40 ரூபாய். ஃபிலிம் தடிமனாக இருந்தால் எண்ணிக்கை குறையும். அந்தத் தடிமன் உங்கள் பொடிக்குத் தேவையா என்று பார்த்த பிறகே இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள். கிராவூர் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி சிலிண்டர் செய்ய வேண்டும். அந்தச் செலவு முதல் ஆர்டரில் மட்டும்தானா, பிறகு சிலிண்டர் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து நாள் கணக்கு. "20 நாள்" என்றால் எந்த நாளிலிருந்து? பெரும்பாலும் அட்வான்ஸ் வந்து, டிசைனுக்கு நீங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். உணவுப் பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், சேர்பொருள் பட்டியல் என ஒவ்வொன்றாகத் திருத்தும்போதே ஒரு வாரம் ஓடிவிடும். அதன் பிறகுதான் சிலிண்டர், அச்சு, லேமினேஷன். ஒட்டிய ஃபிலிமின் பசை இறுகும் வரை வைத்திருந்துதான் பவுச்சாக வெட்டுவார்கள். அவசரப்படுத்தினால் அடுக்குகள் பிரியும். அதனால் முதல் ஆர்டருக்கும் மறு ஆர்டருக்கும் தனித்தனியாக நாள் கேளுங்கள். சிலிண்டர் தயாராக இருப்பதால் மறு ஆர்டர் சீக்கிரம் வரும்.

நேரில் பேசி முடித்தாலும், பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவரிடம் "சரி" என்று பதில் வாங்குங்கள். அது வரும் வரை அட்வான்ஸ் போடாதீர்கள்.