நாற்பது நிமிடத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரை

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதன் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணித்தியாலம். அதில் இரண்டாவது வினாவே கருத்துக் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள் வேண்டும். முதல் வினாவைப்போல் இரு மடங்கு பெறுமதி இதற்குண்டு. ஆகவே 20 நிமிடத்தில் முதல் வினாவை நிறுத்திவிட்டு, 40 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

அந்த நாற்பதில் முதல் ஐந்து நிமிடம் கட்டுரையைத் தொடங்கவேண்டாம். வினாவை வாசித்து முடிவெடுப்பதற்கே அந்த நேரம். "முதியோரைப் பராமரிப்பது குடும்பத்தின் கடமை மட்டுமே. இதை நீர் எவ்வளவுக்கு ஏற்றுக்கொள்கிறீர்?" என்று வினா வருவதாக வைத்துக்கொள்வோம். இங்கே "மட்டுமே" என்பதுதான் உயிர்நாடி. அதைக் கவனியாதவர் பெற்றோரின் அருமையைப் பற்றி அழகாக எழுதுவார். ஆனால் கேட்டதற்கு விடை இராது. நம் மாணவர் பலர் சறுக்குவது இலக்கணத்தில் அல்ல, இந்த இடத்தில்தான்.

நமது முடிவு இதுவென்று கொள்வோம்: குடும்பமே முதற் பொறுப்பு, ஆயினும் அரசுக்கும் பங்குண்டு. இனி நான்கு பந்திகள்.

முதற் பந்தியில் வினாவை உங்கள் சொற்களில் கூறி, முடிவையும் உடனே சொல்லிவிடுங்கள். 45 சொற்கள் போதும், ஐந்து நிமிடம். இரண்டாம் பந்தி குடும்பத்தைப் பற்றியது. தாயின் உணவுப் பழக்கத்தையும் மனநிலையையும் பிள்ளைகள் அறிவதுபோல் வேறெவரும் அறியார் என்ற ஒரே காரணத்தை எடுத்து, விளக்கி, உதாரணம் காட்டுங்கள். மூன்று காரணங்களை வெறுமனே அடுக்குவதிலும் ஒன்றை விரிப்பது மேல். மூன்றாம் பந்தி மறுபக்கம். பாரிசவாதத்தால் படுக்கையாகிவிட்ட தந்தைக்குப் பயிற்சி பெற்ற தாதியும் மருந்தும் தேவை. நாட்சம்பளத்தில் வாழும் மகனால் அது முடியுமா? இவ்விரு பந்திகளுக்கும் தலா 90 சொற்கள், பத்துப் பத்து நிமிடம். இறுதிப் பந்தி 40 சொற்கள், ஐந்து நிமிடம். அங்கே முடிவை வேறு சொற்களில் கூறுங்கள். புதுக் காரணம் நுழையக்கூடாது. மொத்தம் 265 சொற்கள் வரும்.

நேரம் பிந்தினால் மூன்றாம் பந்தியைச் சுருக்குங்கள்; முடிவுரையை ஒரு வசனமாகவேனும் எழுதுங்கள்.

மிஞ்சும் ஐந்து நிமிடத்தில், நடுப் பந்திகள் இரண்டின் முதல் வசனங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். அவை இரண்டுமே வினாவுக்கு விடையானால் கட்டுரை தடம்புரளவில்லை. அடுத்ததாக, பெயர்ச்சொற்களுக்கு முன் 'எ', 'த' என்னும் சிறுசொற்கள் விடுபட்டனவா என்று தேடுங்கள். தமிழில் அவை இல்லாதபடியால் நம் கை அவற்றை எளிதில் விட்டுவிடும்.