மேலாளர் கடிந்துகொண்ட கதையும் அதற்குப் பிந்திய கதையும்

"உங்கள் மேலாளர் உங்களைக் கடுமையாக விமர்சித்த சம்பவம் ஒன்றைக் கூறுங்கள்." நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. இறுதியாண்டு மாணவர்களுக்காக நடந்த மாதிரி நேர்முகத் தேர்வில் என்னிடமும் கேட்டார்கள். "தவற்றை ஏற்றுக்கொண்டேன். இப்போது கவனமாக வேலை செய்கிறேன்" என்றேன். "கவனமாக என்றால் என்ன செய்கிறீர்கள்?" என்று விரிவுரையாளர் திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பதிலுக்குரிய சம்பவம் என்னிடம் இல்லாமல் இல்லை. கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் தொழிற்பயிற்சி மேற்கொண்டபோது வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுவதுதான் அந்தப் பட்டியல். வங்கியில் இன்னும் செலுத்தப்படாத காசோலைகளைக் கழித்த பிறகும் ரொக்க ஏட்டில் 30 ரிங்கிட் அதிகமாக இருந்தது. சிறிய தொகைதானே, வங்கிக் கட்டணமாக இருக்கும் என்று நானாகவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேலாளர் வங்கி அறிக்கையைப் புரட்டினார். வாடிக்கையாளர் கொடுத்த 480 ரிங்கிட் காசோலை ஒன்று திரும்பி வந்திருந்தது. வேறொருவர் 450 ரிங்கிட்டை நேரடியாக வங்கியில் செலுத்தியிருந்தார். இவை இரண்டுமே ரொக்க ஏட்டில் ஏறவில்லை. ஒன்றின் பிழையை மற்றொன்று மறைத்ததால் 30 ரிங்கிட் மட்டுமே வெளியே தெரிந்தது. காரணம் தெரியாத எண்ணுக்குப் பெயர் சூட்டுவது கணக்கு வேலையே அல்ல என்று எல்லார் முன்னிலையிலும் கூறிப் பட்டியலை மேசைமேல் போட்டார். அன்று முழுவதும் எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தினால் அது தவற்றின் கதையாக மட்டுமே இருக்கும். அடுத்து வரவேண்டியது, பிறர் கண்ணால் காணக்கூடிய ஒரு மாற்றம். அன்றிலிருந்து பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, வங்கி அறிக்கையின் பக்கத்தையும் தேதியையும் பென்சிலால் குறித்து வந்தேன். ஆதாரம் கிடைக்காத வரியைக் "காரணம் தெரியவில்லை" என்று எழுதியே மேலாளரிடம் கொடுத்தேன். விரிவுரையாளர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

ஆனாலும் இது பாதிதான். கடிந்துகொண்ட வாரத்தில் யாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். பழக்கம் நிலைத்ததா என்பதைக் காட்ட, அதே தவறு மீண்டும் நேரக்கூடிய, ஆனால் யாரும் எச்சரிக்காத இரண்டாவது சம்பவம் வேண்டும். இரண்டு மாதங்களுக்குப் பிறகு வேறொரு நிறுவனத்தின் கணக்கில் 27 ரிங்கிட் வித்தியாசம் வந்தது. வங்கிக் கட்டணமாக இருக்கும் என்றார் உடனிருந்த பயிற்சியாளர். அறிக்கையில் அப்படியொரு கட்டணம் இல்லை. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 27ம் வகுபட்டது. அது ஓர் அறிகுறிதான், உறுதியல்ல. ஆகவே காசோலைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 541 ரிங்கிட் காசோலை ஏட்டில் 514 என்று பதிவாகியிருந்தது.

எனவே பதிலை நான்கு படிகளாக அமைக்கலாம்: நடந்த தவறு, மேலாளர் சொன்னது, நான் மாற்றிக்கொண்ட செயல், அதை மெய்ப்பிக்கும் இரண்டாவது சம்பவம். இரண்டு நிமிடம் போதும். முதல் இரண்டையும் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தைப் பின்னிரண்டுக்குக் கொடுங்கள். என்னைப் போன்றவர்கள் தவற்றை விளக்குவதிலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகிறோம்.

மேலாளர் பேசிய முறை தவறாக இருந்திருக்கலாம். எல்லார் முன்னிலையிலும் சொன்னது எனக்கும் வலித்தது. ஆனால் தேர்வாளரிடம் அதை முறையிட்டால், சொல்லப்பட்ட குறையிலிருந்து பேச்சு விலகிவிடும். "சொன்ன விதம் கடினமாக இருந்தது, சொன்ன விஷயம் சரியாக இருந்தது" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். அவர் சொன்னதில் ஒரு பகுதி மட்டுமே சரியென்றால், அது எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். "அதிகமாக உழைக்கிறேன் என்று கண்டித்தார்" என்பது போன்ற போலிக் குறை வேண்டாம். "அவர் சொன்ன சொற்கள் என்ன? பிறகு என்ன செய்தீர்கள்?" என்ற தொடர்கேள்விகளிலேயே அது கலைந்துவிடும்.

இரண்டாவது சம்பவம் இல்லாதவர்கள் அதைக் கற்பனை செய்யக் கூடாது. பகுதிநேர வேலையிலோ குழுப் பணியிலோ நடந்த சிறிய சம்பவமே போதும். என் முழுக்கதையும் 30 ரிங்கிட்டில் தொடங்கி 27 ரிங்கிட்டில் முடிகிறது. மறுமுறை அதைச் சொன்னபோது விரிவுரையாளர் தவற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பென்சில் குறிகளைப் பற்றித்தான் கேட்டார்.