பெட்டியில் எப்போதும் மூவாயிரம்: முன்பண மீட்பு முறையைக் கற்பித்தல்

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் சில்லறை ரொக்க ஏட்டை மாணவர்கள் எளிதாக வரைந்துவிடுகிறார்கள். ஆனால் "மாத இறுதியில் எவ்வளவு பணம் திரும்பத் தர வேண்டும்?" என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். அதனால் ஆரணியின் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்க அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்து, ஜூலை மாதச் சான்றுச்சீட்டுகளை நானே எழுதி வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

ஜூலை 1 அன்று தலைமைக் காசாளர் சில்லறைக் காசாளரிடம் ரூ.3,000 தருகிறார். அந்த மாதச் சீட்டுகள் இவை:

1. கூட்டத்துக்குத் தேநீர் – 240
2. பதிவுத் தபால் – 165
3. மூட்டை இறக்கு கூலி – 450
4. தாள், பேனா – 385
5. காஞ்சிபுரம் பேருந்துக் கட்டணம் – 160
6. ஆட்டோ வாடகை – 300
7. நகல் எடுத்தல் – 95
8. தேநீர் – 180
9. துடைப்பம், சோப்பு – 210

மொத்தச் செலவு ரூ.2,185. பெட்டியில் மீதம் ரூ.815. எந்த நாளில் எண்ணினாலும் ரொக்கமும் சீட்டுகளும் சேர்ந்து 3,000 வர வேண்டும். இந்த முறையின் உயிர் இதுதான்.

இதைச் சோதிக்க, ஆறாம் சீட்டை மட்டும் ஒளித்துவைத்துவிட்டு ஒரு குழுவிடம் பெட்டியைத் தருகிறேன். ரொக்கம் 815, சீட்டுகள் 1,885, ஆக 2,700. முந்நூறு ரூபாய் குறைகிறது. சீட்டுகளின் வரிசை எண்களைப் பார்த்ததும் ஐந்துக்குப் பின் ஏழு வருவதை மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். எண் எதற்கு என்பதை அதன்பின் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து மீட்பு. பலர் 3,000 என்பார்கள். அப்படித் தந்தால் பெட்டியில் 3,815 இருக்கும். நிலையான தொகை மாறிவிடும். செலவான 2,185 மட்டும் தந்தால்தான் ஆகஸ்ட் 1 அன்று மீண்டும் 3,000. பணம் தந்தவுடன் ஒவ்வொரு சீட்டிலும் 'பணம் வழங்கப்பட்டது' என்று முத்திரையிட வேண்டும். இல்லையென்றால் அதே ஆட்டோச் சீட்டு அடுத்த மாதமும் வரலாம்.

இந்தக் கூட்டல் எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 400 கொடுத்துவிட்டு 450 என்று சீட்டெழுதி, ஐம்பதை எடுத்துக்கொண்டாலும் கூட்டல் 3,000தான் வரும். மூட்டை இறக்குபவர் ரசீது தருவதில்லை. அலுவலகமே சீட்டு எழுதுகிறது. எனவே அதில் பணம் பெற்றவரின் கையொப்பமோ கைரேகையோ வேண்டும். செலவை அனுமதித்தவரின் கையொப்பமும் வேண்டும். அவர் சில்லறைக் காசாளராக இருக்கக் கூடாது.

இறுதியாக, சரிகை வாங்கிய 2,400 ரூபாய்க்கு ஒரு சீட்டை நீட்டி, "இதையும் சேர்க்கலாமா?" என்று கேளுங்கள். அது சில்லறைச் செலவல்ல, சரக்குக் கொள்முதல். முதன்மை ரொக்க ஏட்டுக்குப் போக வேண்டியது. காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.