செப்டம்பர் மாதத்துக் கடன்

நூற்பாலைக் கணக்கறைகளில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், ஓர் ஆலையின் நிதி நிலையை அறிய விரும்புகிறவர் லாப நஷ்டக் கணக்குக்கும் முந்திப் புரட்டிப் பார்க்க வேண்டியது அதன் செப்டம்பர் மாதத்துச் சி.சி. கணக்கையே என்று சொல்லுவேன். அக்டோபரில் பருத்திப் பருவம் பிறந்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரை குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் வரத்து மிகுந்திருக்கும்போது, நல்ல சரக்கு கிடைக்கிற காலத்திலேயே கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகள் பல மாதத் தேவைக்கு வாங்கி அடுக்கிவிடுகின்றன. அந்த அடுக்கு சிறுகச் சிறுக நூலாகி விற்றுத் தீர்ந்து, கிடங்கு ஏறக்குறைய வெறுமையாகும் மாதம் செப்டம்பர். அப்போதும் வங்கிக்குத் தீராமல் நிற்கிற பாக்கி எதுவோ, அதைப் பருத்திக்காக வாங்கிய கடன் என்று அழைப்பதில் அர்த்தமில்லை.

கணக்கை எளிதாக்கும் பொருட்டு, சுமார் நாலு கோடி ரூபாய்ப் பருத்தியை மாதந்தோறும் நூற்கும் ஓர் ஆலையைக் கற்பித்துக்கொள்வோம். செப்டம்பரிலும் அதனிடம் ஒரு மாதப் பருத்தி 4 கோடிக்கும், ஓட்டத்திலும் கிடங்கிலும் உள்ள நூல் 2 கோடிக்கும், திருப்பூர் முதலிய இடங்களில் நூல் வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கி 6 கோடிக்கும் இருந்தே தீரும். இந்த 12 கோடி, நடைமுறைச் சொத்து என்று பெயர் பெற்றிருந்தாலும், ஆலை ஓடுகிற வரையில் கதிர் இயந்திரங்களைப் போலவே அசையாது நிற்பது. ஒரு பேல் நூலாகிப் போனால் அந்த இடத்தில் மற்றொரு பேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிப்ரவரியில் பருத்தி மட்டும் 16 கோடியாகப் பெருக, மொத்தம் 24 கோடியாகிறது. கடனுக்குச் சரக்குக் கொடுத்தோர் பாக்கி எப்போதும் 2 கோடி என்று கழித்துவிட்டால், ஆலைக்கு நிரந்தரமாகத் தேவைப்படும் பணம் 10 கோடி, பருவத்துக்கென்று தற்காலிகமாகத் தேவைப்படுவது மேற்கொண்டு 12 கோடி.

நிரந்தரத் தேவைக்கு நீண்டகால நிதி, பருவத் தேவைக்குக் குறுகியகாலக் கடன் என்பது சாஸ்திரம். அதன்படி நடக்கும் ஆலை 10 கோடியைச் சொந்த மூலதனத்தாலும் நிறுத்திவைத்த லாபத்தாலும் டெர்ம் லோனாலும் நிரப்பி, செப்டம்பரில் சி.சி.யைச் சுத்தமாக அடைத்து, பிப்ரவரியில் 12 கோடி வாங்கும். துணிச்சல்காரர் 7 கோடியே நீண்டகாலத்தில் போட்டு, செப்டம்பரில் 3 கோடியும் பிப்ரவரியில் 15 கோடியும் கடனில் நிற்பார். எச்சரிக்கைக்காரரோ 16 கோடியை நீண்டகாலத்தில் வைத்துக்கொண்டு, பிப்ரவரியில் 6 கோடி மட்டும் வாங்கி, செப்டம்பரில் 6 கோடியை டெபாசிட்டில் போட்டிருப்பார்.

குறுகியகாலக் கடன் வட்டி மலிவானது, ஆகையால் துணிச்சல் லாபகரமானது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நான் கண்ட வரையில் டெர்ம் லோன் வட்டிக்கும் சி.சி. வட்டிக்கும் வித்தியாசம் சொற்பந்தான், சி.சி.யின் மெய்யான சௌகரியம், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி என்பதில் இருக்கிறது. முன்னது 11 சதவீதம், பின்னது 10, டெபாசிட் வட்டி ஆறரை என்று வைத்து, தேவை ஆண்டு முழுவதும் சீராக ஏறி இறங்குவதாகக் கொண்டு கணக்கிட்டால், சாஸ்திரப்படி நடப்பவரைக் காட்டிலும் எச்சரிக்கைக்காரர் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 லட்சம் ரூபாயே அதிகம் செலவழிக்கிறார். அந்தப் பதினொன்று எதற்கு விலை என்பது பருத்தி விலை சரிகிற ஆண்டில்தான் விளங்கும்.

2011 மார்ச்சில் சங்கர்-6 ரகம், 356 கிலோ கொண்ட ஒரு கண்டிக்கு 60,000 ரூபாயைத் தாண்டிப் போய், சில மாதங்களுக்குள் பாதியளவுக்கு வீழ்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அத்தனை பெரிய வீழ்ச்சி வேண்டாம். முப்பது சதவீதம் போதும். வங்கி நமக்குக் கொடுத்திருக்கும் லிமிட் எவ்வளவானாலும், மாதந்தோறும் நாம் தருகிற ஸ்டாக் ஸ்டேட்மெண்டின்படி கணக்கிடப்படும் டிராயிங் பவருக்கு மேல் எடுக்க இயலாது. சரக்கிலிருந்து, கடனுக்குச் சரக்குக் கொடுத்தோர் பாக்கி போக மிஞ்சியதில் முக்கால் பங்கு, வரவேண்டிய பாக்கியில் அறுபது சதவீதம் என்பது இந்த ஆலையின் நிபந்தனையென்றால், பிப்ரவரியில் அதன் டிராயிங் பவர் 15.6 கோடி; துணிச்சல்காரரின் 15 கோடி அதற்குள் அடங்கியே இருக்கிறது. விலை முப்பது சதவீதம் சரிந்ததும் சரக்கு 18 கோடியிலிருந்து 12.6 கோடியாக, டிராயிங் பவர் 11.55 கோடிக்கு இறங்கிவிடுகிறது. பருத்தி ஒரு பேல்கூடக் குறையவில்லை, ஆனால் மூன்றரைக் கோடி ரூபாயை அவர் உடனே கொண்டுவந்து கட்ட வேண்டும். தொண்ணூறு நாள் தொடர்ந்து கணக்கு அப்படியே மேலே நின்றால் வாராக் கடனாகிவிடும். சாஸ்திரப்படி நடப்பவருக்குக் குறைவது அரைக் கோடி, அதை எப்படியும் புரட்டிவிடுவார். எச்சரிக்கைக்காரருக்கு அந்த மாதம் வங்கியிலிருந்து தொலைபேசிகூட வராது. வீழ்ந்த விலையில் வாங்கப் பணமும் கடன் வசதியும் அவரிடந்தான் மிஞ்சியிருக்கும்.

நடப்பு விகிதம் 1.33 இருக்கிறதே, வங்கியே திருப்தியடைந்துவிட்டதே என்று பல முதலாளிகள் என்னிடம் வாதாடியதுண்டு. அந்த எண், 1975-இல் அறிக்கை தந்த டாண்டன் குழுவின் இரண்டாவது முறையிலிருந்து வந்தது. மொத்த நடைமுறைச் சொத்தில் கால் பங்கை நீண்டகால நிதியால் தாங்கினால் போதும் என்பது அதன் ஏற்பாடு. நம் ஆலைக்கு அது 24-இல் 6 கோடிதான். ஆகவே 7 கோடி வைத்திருக்கும் துணிச்சல்காரர் அந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறிவிடுகிறார். அதே குழு மூன்றாவதாக ஒரு முறையும் சொல்லியிருந்தது. நிரந்தரப் பகுதி முழுவதையும், மீதியில் கால் பங்கையும் நீண்டகால நிதி தாங்க வேண்டும் என்ற அந்த முறைப்படி 12-உம் 3-உம் சேர்ந்து 15 கோடி வேண்டும். கண்டிப்பு மிகுந்த அந்த முறை நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் எத்தனையோ ஆலைகள் பிழைத்திருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நிரந்தரப் பகுதியைக் கண்டுபிடிக்க நான் கைக்கொண்ட வழி எளியது. மூன்று ஆண்டு ஸ்டாக் ஸ்டேட்மெண்டுகளை எடுத்து, ஒவ்வோராண்டிலும் மிகத் தாழ்ந்த மாதத்தைக் குறித்துக்கொண்டு, வசூலாகாத பழைய பாக்கிகளை நீக்கி, இன்றைய விலையிலும் இன்றைய கதிர் எண்ணிக்கையிலும் அதைத் திருத்திக்கொள்வேன். பிறகு சி.சி. பேரேட்டில் அந்த மூன்றாண்டுகளிலும் பாக்கி எந்த அளவுக்குக் கீழே இறங்கவேயில்லை என்று பார்ப்பேன். அந்த அளவு ஆண்டுக்காண்டு ஏறிவந்து, சரக்கோ பாக்கியோ அதற்கேற்ப ஏறாதிருந்தால், சி.சி. பணம் இயந்திரத்திலோ நிலத்திலோ போய்விட்டது நிச்சயம். புதிதாக ஆட்டோகோனர் வந்த ஆண்டை விசாரித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அப்படி உறைந்துவிட்ட தொகையைத் தனியே பிரித்து நடைமுறை மூலதன டெர்ம் லோனாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். கேட்க வேண்டிய காலம் விலை நன்றாக நிற்கும்போது, நெருக்கடி வந்தபின் அல்ல. ஆயினும் ஐந்தாண்டுத் தவணையில் மாற்றிய 3 கோடி, ஆண்டுதோறும் 60 லட்சம் தேய்ந்துகொண்டே வருவது; அந்த 60 லட்சத்தை லாபத்திலிருந்து ஆலைக்குள்ளேயே நிறுத்தாவிட்டால் அதே பள்ளம் மறுபடியும் சி.சி.யில் விழும். உறவினர்கள் போட்டிருக்கும் ஈடில்லாக் கடனை நீண்டகால நிதியாகச் சேர்த்துக்கொள்வதும் நம் பக்கத்து வழக்கம். கேட்டபோது திருப்பித் தர வேண்டிய பணம் அது. வங்கிக் கடன் தீரும்வரை எடுப்பதில்லை என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட பின்பே அதை நான் 10 கோடிக் கணக்கில் சேர்ப்பேன், மாமனார் பணமானாலும் சரி.